தோட்ட விளக்கு இரவில் அணைந்து அணைந்து எரிகிறது: 20 வாட் பேனல், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி

வாய்க்கால்கரை

எங்கள் வீடு தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ளது. கொல்லைப்புறத் தோட்டத்தில் தலா ஒன்றரை வாட் கொண்ட ஆறு எல்இடி விளக்குகளை வைத்திருக்கிறேன். எல்லாம் 12 வோல்ட்டில் எரிபவை. மோட்டார் கொட்டகையின் கூரையில் 20 வாட் பேனல் இருக்கிறது. அதன் கீழே சுவரில் சிறிய சார்ஜ் கன்ட்ரோலர் இருக்கிறது. மழைச் சாரல் படக்கூடாது என்பதற்காக யூபிஎஸ்ஸில் பயன்படும் 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைத் திண்ணையில் வைத்து, ஆறு மீட்டர் ஒயர் இழுத்திருக்கிறேன். மாலை ஆறரை மணிக்குத் தானாக எரிந்து, காலை ஆறரை மணிக்குத் தானாக அணைய வேண்டும் என்பதே ஏற்பாடு.

முதல் மூன்று மாதங்கள் குறையின்றி எரிந்தது. இப்போது எட்டாவது மாதம். இரவு பத்தரை மணியளவில் விளக்குகள் அணைந்துவிடுகின்றன, இரண்டு நிமிடத்தில் மீண்டும் எரிகின்றன, மீண்டும் அணைகின்றன. விடியும் வரை இப்படியே நடக்கிறது. பகலில் பார்த்தால் கன்ட்ரோலர் 14.4 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி நிறைந்துவிட்டது என்ற குறியும் வருகிறது. பேனல் 20 வாட், விளக்குகள் 9 வாட் என்பதால் தாராளமாகப் போதும் என்று நினைத்திருந்தேன். யாரும் கை வைக்காமல் பேட்டரியின் நிலையைக் கண்காணித்து, அதற்கேற்ப விளக்கை இயக்கும் சிறு சர்க்யூட் ஒன்றைச் சேர்க்கவும் விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

கோவைச்சூரியன்

பேட்டரி போய்விட்டது, நண்பரே. இதில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை. லெட் ஆசிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று வாங்கி வையுங்கள். பேனலையும் 40 வாட் ஆக்கிவிடுங்கள். என் வீட்டில் இரண்டு ஆண்டுகளாக ஒரு தொல்லையும் இல்லை.

பழையமல்டிமீட்டர்

பேட்டரி கெட்டிருக்கலாம் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அது ஏன் கெட்டது என்று தெரியாமல் புதியதை வைத்தால், அதுவும் அடுத்த ஆடிக்குள் இதே கதிக்கு வரும்.

வாய்க்கால்கரை அவர்களே, ஒரு சிறு வேலை செய்யுங்கள். நண்பகலில் வெயில் நன்றாக அடிக்கும்போது, கன்ட்ரோலரில் பேட்டரி ஒயர் சேரும் திருகுகளில் மல்டிமீட்டரை வைத்து ஒரு முறையும், உடனே திண்ணைக்கு வந்து பேட்டரியின் முனைகளிலேயே வைத்து ஒரு முறையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரவில் விளக்கு எரியும்போது, அணைவதற்குச் சற்று முன்பாக, அதே இரண்டு இடங்களிலும் அளந்துகொள்ளுங்கள். ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதையும், கன்ட்ரோலரில் எந்த வோல்ட்டேஜில் அணைய வேண்டும், எதில் மீண்டும் எரிய வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்

எனக்கும் இதே சிக்கல் இருக்கிறது. மாடியில் தொட்டிகளில் குத்திவைக்கும் சிறிய சூரிய விளக்குகள் எட்டு வாங்கினேன். ஒரு வருடத்திலேயே ஒரு மணி நேரம்கூட எரிவதில்லை. அதில் எங்கே 14.4 வோல்ட் அளப்பது?

பழையமல்டிமீட்டர்

அம்மா, உங்கள் விளக்கு வேறு வகை. அதனுள்ளே பெரும்பாலும் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்றுதான் இருக்கும். அடிமூடியைத் திறந்து, செல்லின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து, அதே வகையில் சார்ஜ் ஏற்றக்கூடிய செல்லை மாற்றுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல்லைப் போட்டுவிடாதீர்கள்; அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. பேனலின் மேல் உள்ள பிளாஸ்டிக் மங்கியிருந்தால் செல்லை மாற்றியும் பெரிய பயன் இருக்காது.

வாய்க்கால்கரை

நேற்று அளந்தேன், ஐயா. நண்பகலில் கன்ட்ரோலரில் 14.4 வோல்ட், பேட்டரியில் 13.9 வோல்ட். இரவு பத்து இருபதுக்குக் கன்ட்ரோலரில் 10.9, பேட்டரியில் 11.2. விளக்கு அணைந்த ஒரு நிமிடத்தில் பேட்டரி 11.6 காட்டியது. ஒயர் அரை சதுர மில்லிமீட்டர். வீட்டில் மீதமிருந்த அழைப்புமணி ஒயர்.

கன்ட்ரோலர் 10.8 வோல்ட்டில் அணைக்கும். மீண்டும் எரிவதற்கு 12.6 என்று இருந்தது. விளக்கு கூடுதல் நேரம் எரியட்டும் என்று நான்தான் அதை 11.5 ஆக மாற்றினேன். இப்போது எழுதும்போதே எங்கே தவறு செய்தேன் என்பது புரிகிறது.

பழையமல்டிமீட்டர்

அணைந்து அணைந்து எரிவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. சுமை நீங்கியதும் எந்தப் பேட்டரியின் வோல்ட்டேஜும் சற்று எழும்பும். அது மின்சாரம் கூடியதன் அடையாளம் ஆகாது. பாரத்தை இறக்கிவைத்தவன் நிமிர்வதைப் போன்றதுதான். 11.5ஐத் தாண்டியதும் கன்ட்ரோலர் விளக்கைப் போடுகிறது, உடனே வோல்ட்டேஜ் சரிகிறது, மீண்டும் அணைக்கிறது. சார்ஜ் ஏறாமல் ஒருபோதும் எட்ட முடியாத அளவில் அந்த எண் இருக்க வேண்டும். முதலில் அதைப் பழையபடி 12.6 ஆக்குங்கள்.

அடுத்தது ஒயர். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்கு ஏறத்தாழ 0.035 ஓம். போக ஆறு, வர ஆறு, ஆகப் பன்னிரண்டு மீட்டர், மொத்தம் 0.42 ஓம். பகலில் 1.1 ஆம்பியர் பாயும்போது அதில் அரை வோல்ட் அளவுக்குக் கரைகிறது. இரவில் 0.75 ஆம்பியருக்கு 0.3 வோல்ட். நீங்கள் அளந்த வித்தியாசம் அப்படியே இதுதான். கன்ட்ரோலர் தன் திருகில் உள்ள வோல்ட்டேஜை மட்டுமே அறியும்; திண்ணையில் நடப்பது அதற்குத் தெரியாது. ஆகவே பேட்டரி 13.9இல் நிற்கும்போதே அது நிறைந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

ரிலே

இதில் ஒரு சந்தேகம், ஐயா. பேட்டரி நிறைய நிறைய மின்னோட்டம் குறையும்; மின்னோட்டம் குறைந்தால் ஒயரில் கரையும் வோல்ட்டேஜும் குறையும். அப்படியென்றால் கடைசியில் பேட்டரியும் 14.4ஐ எட்டிவிடும் அல்லவா? ஒயர் தாமதப்படுத்துமே தவிர, தடுக்காது என்று நினைக்கிறேன்.

பழையமல்டிமீட்டர்

சரியாகப் பிடித்தீர்கள். கன்ட்ரோலர் 14.4இலேயே சில மணி நேரம் பொறுத்திருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். ஆனால் மலிவான கன்ட்ரோலர்கள் பல, 14.4ஐத் தொட்ட சற்று நேரத்திலேயே 13.7க்கு இறங்கிவிடும். அப்படி இறங்குபவற்றில் ஒயரின் அரை வோல்ட் பெரிய இழப்பு. இவருடையது எந்த வகை என்பது பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை அளந்தால் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நேற்று இரவு முழுவதும் வடிந்த பேட்டரி, இந்தச் சின்ன பேனலில் நண்பகலுக்குள் நிறையவே முடியாது. அதற்குள் 14.4 வந்துவிட்டது என்றால், ஒயர் ஒரு பங்கு; மறு பங்கு, பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்கும். கழுத்து வரை மண் நிறைந்த குடம் உடனே நிரம்பி வழிவதைப் போல.

வாய்க்கால்கரை

மூன்று மணிக்கு அளந்தேன், கன்ட்ரோலரில் 13.7தான் இருந்தது. ஆனால் எட்டு மாதத்தில் கொள்ளளவு சுருங்கும் அளவுக்கு நான் என்ன செய்தேன்?

பழையமல்டிமீட்டர்

கணக்கை வாட்டில் பார்த்ததுதான் செய்த பிழை. ஆம்பியர்-மணியில் பாருங்கள். உங்கள் விளக்குகள் 0.75 ஆம்பியர் இழுக்கின்றன. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 9 ஆம்பியர்-மணி. பேட்டரியின் மேல் எழுதியிருப்பதே 7. வரவைப் பாருங்கள்: இவ்வகைக் கன்ட்ரோலரில் பேனல் தருவது 1.1 ஆம்பியர், நல்ல வெயில் நாளில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் நாலரை மணி என்று வைத்தால் 5 ஆம்பியர்-மணி, ஏற்றுவதில் வீணாவது போக 4.2 அளவுக்குத் தேறும். ஐந்து ரூபாய் சம்பாதித்து ஒன்பது ரூபாய் செலவழிக்கும் குடும்பம் எத்தனை நாள் ஓடும்? முதல் மூன்று மாதம் ஓடியதாகச் சொன்னீர்கள். அப்போதும் விடியற்காலையில் அணைந்துதான் இருக்கும், நீங்கள் உறங்கியிருப்பீர்கள்.

ஒவ்வொரு நாளும் அடி வரை வடித்து, ஒரு நாளும் முழுதாக நிரப்பாமல் விட்டால், லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். ஐயமிருந்தால் சோதித்துப் பாருங்கள். விளக்கைக் கழற்றிவிட்டு, பேட்டரியைக் கன்ட்ரோலர் பக்கத்திலேயே வைத்து இரண்டு நாள் வெயிலில் ஏற்றுங்கள். பிறகு அதே ஆறு விளக்குகளை எரியவிட்டு, பேட்டரி முனையில் 10.8 வரும் வரை எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். நல்ல பேட்டரி எட்டு மணி நேரம் வரை தாங்கும்.

கோவைச்சூரியன்

இத்தனை பாடுக்கு லித்தியமே மேல் என்றுதான் நானும் சொன்னேன். அதை அடி வரை வடித்தாலும் இவ்வளவு சீக்கிரம் கெடாது.

பழையமல்டிமீட்டர்

அதில் உண்மை இருக்கிறது. அரைகுறையாக ஏற்றி வைத்தாலும் அதற்குக் கேடில்லை. ஆனால் வரவை மீறிய செலவை எந்தப் பேட்டரியும் ஈடுகட்டாது. மேலும், இவர் கேட்டது வோல்ட்டேஜைக் கண்காணிப்பது பற்றி. நீங்கள் சொல்லும் வகையில் பெரும்பகுதி நேரம் வோல்ட்டேஜ் 13.2ஐ ஒட்டியே நிற்கும். முக்கால் பங்கு இருந்தாலும் கால் பங்கு இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கடைசியில் திடீரென்று விழும். வோல்ட்டேஜை வைத்து இருப்பை ஊகிக்க லெட் ஆசிட்டே எளிது. லித்தியம் வாங்கினால் கன்ட்ரோலரிலும் அதற்குரிய அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோவைச்சூரியன்

என்னுடையதில் வோல்ட்டேஜ் மீட்டரே இல்லை, அதனால்தான் எனக்குத் தொல்லையும் இல்லை. நான் இன்னும் லித்தியம் பக்கம்தான்.

வாய்க்கால்கரை

மூன்று மணி பத்து நிமிடம். அவ்வளவுதான் தாங்கியது. 0.75 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் 2.4 ஆம்பியர்-மணிகூட வரவில்லை. புதிய பேட்டரி வாங்குகிறேன். அதே 7 ஆம்பியர்-மணி, லெட் ஆசிட்தான். கன்ட்ரோலரைத் திண்ணைக்கே கொண்டுவந்து, பேட்டரிக்கு அரை மீட்டர் தூரத்தில் வைத்து, பேனலிலிருந்து வரும் நீள ஒயரை ஒன்றரை சதுர மில்லிமீட்டராக மாற்றுகிறேன். இனி, தானாக இயங்கும் கண்காணிப்புக்கு வழி சொல்லுங்கள். என்னிடம் ஒரு அர்டுயினோ நானோ இருக்கிறது.

ரிலே

நான் என் தோட்டத்தில் இஎஸ்பி8266 வைத்திருக்கிறேன். ஐந்து விநாடிக்கு ஒரு முறை வோல்ட்டேஜ் என் கைபேசிக்கு வந்துவிடும். 100 கிலோ ஓமும் 22 கிலோ ஓமும் வைத்து வோல்ட்டேஜைப் பிரித்து, கூடுதல் ரெசிஸ்டர் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். ஆனால் மீட்டர் 12.6 காட்டும்போது இது சில நேரம் 12.3, சில நேரம் 12.8 காட்டுகிறது. அது மட்டும் புரியவில்லை.

பழையமல்டிமீட்டர்

தம்பி, முதலில் அது எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். வைஃபையை எப்போதும் விழிக்கவைத்திருந்தால் சராசரியாக 70 மில்லி ஆம்பியர் இழுக்கும், நாளொன்றுக்கு 1.7 ஆம்பியர்-மணி. இவருடைய வரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காவல்காரனுக்கே போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து அனுப்பிவிட்டு உறங்கும்படி எழுதுங்கள். ஒவ்வொரு முறை வைஃபை அனுப்பும்போதும் மின்னோட்டம் துள்ளுவதால் அளவீடும் துள்ளும். அனுப்புவதற்கு முன்பே அளந்து வைத்துக்கொண்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். நானோவும் உறங்காமல் இருந்தால் 20 மில்லி ஆம்பியர் வரை, அதாவது நாளுக்கு அரை ஆம்பியர்-மணி தின்னும். ஆனால் இவருக்கு அதுவே போதுமானது, பிறகு உறங்கவைக்கலாம்.

வாய்க்கால்கரை அவர்களே, நானோவில் 5 வோல்ட்டை அளவுகோலாக வைத்து அளக்காதீர்கள். அந்த 5 வோல்ட்டே சுமைக்கேற்ப ஆடும், ஆடும் முழக்கோலால் துணி அளந்தது போலாகும். உள்ளேயே உள்ள 1.1 வோல்ட்டைப் பயன்படுத்துங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 150 கிலோ ஓம், அங்கிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம், நடுப்புள்ளி A0க்கு. 16 வோல்ட் வந்தாலும் அங்கே 1 வோல்ட்தான் இருக்கும். `setup()` பகுதியில் `analogReference(INTERNAL);` என்று எழுதிவிட்டு, மீதியை இப்படி வைக்கலாம்:

```cpp
const float K = 0.01719;
int low = 0;
bool cut = false;

float volt() {
  long s = 0;
  for (int i = 0; i < 32; i++) {
    s += analogRead(A0);
    delay(5);
  }
  return s / 32.0 * K;
}

void check() {   // 10 விநாடிக்கு ஒரு முறை
  float v = volt();
  if (v < 11.8) low++; else low = 0;
  if (low >= 30) cut = true;
  if (v > 13.2) cut = false;
}
```

11.8க்குக் கீழே ஐந்து நிமிடம் தொடர்ந்து நின்றால்தான் `cut` உண்மையாகும். ஒரு நொடிச் சரிவுக்கு அணையாது. அணைந்தபின் 13.2ஐத் தாண்டினால்தான் விடுதலை. அது வெயில் வந்தால் மட்டுமே நடக்கும். அந்த 1.1 வோல்ட் சிப்புக்குச் சிப்பு மாறும், ஆகவே `K`ஐ ஒரு முறை திருத்த வேண்டும். மீட்டர் 12.62 காட்டும்போது இது 12.19 காட்டினால், 12.62ஐ 12.19ஆல் வகுத்து `K`உடன் பெருக்குங்கள்.

ரிலே

கன்ட்ரோலரின் லோடு முனையிலிருந்தே நானோவுக்கும் மின்சாரம் எடுக்கலாமா? ஒயர் மிச்சமாகும்.

பழையமல்டிமீட்டர்

வேண்டாம். பல சிறிய கன்ட்ரோலர்களில் பிளஸ் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், மைனஸைத்தான் துண்டிப்பார்கள். லோடு மைனஸும் பேட்டரி மைனஸும் ஒன்றே என்று எண்ணி நீங்கள் இரண்டையும் சேர்த்துவிட்டால், கன்ட்ரோலரின் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறீர்கள். மீட்டரை ஓம் அளவில் வைக்காமல், லோடு அணைந்திருக்கும்போது இரு மைனஸ்களுக்கும் நடுவே வோல்ட்டேஜ் அளந்தால் தெரிந்துவிடும்.

என் யோசனை: கன்ட்ரோலர் சார்ஜ் மட்டும் செய்யட்டும். நானோவும் விளக்குகளும் நேரே பேட்டரியிலிருந்து, 3 ஆம்பியர் பியூஸ் வழியாக. விளக்கை ஐஆர்எல்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் இயக்கட்டும். அதன் கேட்டிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் வைத்தால், நானோ செத்துப்போனாலும் விளக்கு அணைந்தே இருக்கும். நிரல் உறைந்தால் தானே மறுதொடக்கம் செய்ய வாட்ச்டாக்கையும் இயக்கிவிடுங்கள்.

ரிலே

அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கன்ட்ரோலரின் பாதுகாப்பை விட்டுவிட்டால் நிரல் ஒன்றே காவல். ரிலே வைத்து, கன்ட்ரோலரின் லோடு வழியாகவே விளக்கை எரித்தால் இரட்டைக் காவல் இருக்கும். ரிலேயின் சுருள் 30 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும்.

பழையமல்டிமீட்டர்

அதுவும் வழிதான். ஆனால் ரிலேயால் வெளிச்சத்தைக் குறைக்க முடியாது. இவருக்கு அதுதான் தேவைப்படப்போகிறது. மாலை ஆறரை முதல் ஒன்பது வரை முழு வெளிச்சம்: 1.9 ஆம்பியர்-மணி. ஒன்பது முதல் காலை ஐந்தரை வரை ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்: 1.3. மொத்தம் 3.2, நானோவைச் சேர்த்தால் 3.7. வரவு 4.2. பேட்டரியும் பாதியளவே வடியும். விளக்கினுள்ளே ரெசிஸ்டர் மட்டும் இருந்தால் இப்படிக் குறைப்பது சரியாக வரும். சிறு டிரைவர் இருந்தால் சிமிட்டக்கூடும், ஒன்றைச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நாளுக்கு இரண்டு எண்களை மட்டும் நானோவின் நினைவகத்தில் எழுதிவையுங்கள்: பகலின் உச்ச வோல்ட்டேஜ், விடியலுக்கு முன் விளக்கு எரியும்போதே உள்ள வோல்ட்டேஜ். உச்சம் பல நாள் 14.2ஐ எட்டாவிட்டால் வரவு போதவில்லை: பேனலில் தூசி, நிழல், அல்லது மழை. உச்சம் நன்றாக வந்தும் விடியல் எண் வாரத்துக்கு வாரம் சரிந்தால் பேட்டரி தேய்கிறது. ஒரே சுமை, ஒரே நேரம் என்பதால்தான் அந்த எண்ணை நாளுக்கு நாள் ஒப்பிட முடியும். மாலையில் சார்ஜ் நின்றவுடன் அளந்தால் பொய்யாக உயர்ந்து காட்டும்.

வாய்க்கால்கரை

பத்து நாள் ஆயிற்று. முதல் ஏழு நாள் உச்சம் 14.4, விடியல் 12.2 முதல் 12.3 வரை. கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இப்போது வித்தியாசம் 0.02 வோல்ட்தான். எட்டாம் நாள் முதல் மழை; உச்சம் 13.1, 12.9, 13.3. விடியல் 12.1, 11.9, நேற்று இரவு மூன்று மணிக்கு `cut` விழுந்து விளக்கு அணைந்தது. இன்று 13.2ஐச் சற்றே தாண்டியதும் விடுதலை ஆகிவிட்டது, ஆனால் பேட்டரி ஒன்றும் நிறையவில்லை. இன்றிரவு முன்னதாகவே அணையும் என்று நினைக்கிறேன். விடுதலைக்கு 13.2ஐ ஒரு மணி நேரம் தாண்டி நிற்க வேண்டும் என்று மாற்றலாமா?

பழையமல்டிமீட்டர்

மாற்றுங்கள், எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். அதோடு, முந்தைய பகலின் உச்சம் 13.8க்குக் கீழே இருந்தால் அன்று இரவு தொடக்கத்திலிருந்தே ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அதுவும் போதுமா என்பதை உங்கள் எண்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பேனல் எந்தத் திசையில், எவ்வளவு சாய்வாக இருக்கிறது என்று நீங்கள் இதுவரை சொல்லவில்லை.

வாய்க்கால்கரை

கொட்டகைக் கூரை எப்படிச் சாய்கிறதோ அப்படியே, மேற்கு நோக்கி இருக்கிறது. பிற்பகல் மூன்றுக்குப் பிறகு தென்னை நிழல் ஒரு மூலையில் விழுகிறது. மழை விட்டதும் ஏறி, தெற்குப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு எண்களை எழுதுகிறேன்.